பேரிங் ஆயுள் பதிவிலிருந்து இடர்வீதம் வரை: வெய்புல் பரவலைப் பொருத்தும் முழுமையான வழிகாட்டி

வேலூரில் பொறியியல் மாணவர்களுக்கு நம்பகத்தன்மைப் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் சுழலும் டிரம்களும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளும் ஆய்வுக்குக் கிடைக்கும். மாணவர்கள் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதன்பின் எண்களைக் கணினியில் போட்டு வெய்புல் பரவலின் அளவுருக்களை எடுக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் தவறு நடப்பது சூத்திரத்தில் அல்ல, அதற்கு முந்தைய படிகளில். எனவே இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

கீழே வரும் பத்துப் பதிவுகள் பயிற்சிக்காக நான் அமைத்தவை. எந்தத் தொழிற்சாலையின் உண்மைக் கணக்கும் அல்ல.

## 1. தொடங்குமுன் மூன்று வரையறைகளை எழுதிவையுங்கள்

முதலாவது, எது பழுது என்பது. டிரம்மின் பினியன் தண்டைத் தாங்கும் பேரிங் இறுகி நின்றுபோனால் அது பழுது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் இரைச்சல் கூடிவிட்டது என்று ஃபிட்டர் அதைக் கழற்றிப் போட்டால் அதுவும் பழுதுதான். பதிவேட்டில் ‘மாற்றப்பட்டது’ என்று மட்டும் இருக்குமானால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. இதன் விளைவை மூன்றாம் படியில் காண்போம்.

இரண்டாவது, கடிகாரம். டிரம் நாள் முழுவதும் சுழல்வதில்லை. தோல் ஏற்றும்போதும் இறக்கும்போதும் நிற்கிறது, சரக்கு இல்லாத வாரங்களில் முழுதும் நிற்கிறது. தேய்மானம் சுழற்சியால் வருவதாகக் கருதினால் ஓடிய மணிகளை எண்ண வேண்டும். நீரும் உப்பும் உள்ளே புகுந்து அரிப்பதே காரணம் என்றால், நிற்கும்போதும் ஆயுள் கழிந்துகொண்டே இருக்கிறது; அப்போது நாட்காட்டி நாட்களே சரியான அளவு. இரண்டையும் கலந்து எழுதிய பதிவிலிருந்து கிடைக்கும் வடிவ அளவுருவுக்குப் பொருள் இல்லை.

மூன்றாவது, சுழியம் எங்கே தொடங்குகிறது என்பது. பேரிங் பொருத்தப்பட்ட நாளே தொடக்கம். நீங்கள் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கிய நாள் அல்ல. பதிவேடு தொடங்குமுன்பே ஓடிக்கொண்டிருந்த பேரிங்கின் வயது தெரியாவிட்டால் அதை விட்டுவிடுவதே நேர்மை.

## 2. இடர்வீதம் எதை அளக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

அடர்த்திச் சார்பு f(t), தொடக்கத்தில் இருந்த எல்லா உறுப்புகளையும் நோக்கிப் பேசுகிறது. இடர்வீதம் h(t), அந்த t மணி வரை தாக்குப்பிடித்தவற்றை மட்டும் நோக்கிப் பேசுகிறது. மூவாயிரம் மணி ஓடியும் பழுதாகாத பேரிங்குகளை எடுத்துக்கொண்டு, அடுத்த சிறு இடைவெளியில் அவற்றில் எந்தப் பங்கு பழுதாகும் என்று கேட்டு, அதை இடைவெளியின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பதே h(3000). R(t) என்பது t மணி வரை பழுதாகாமல் ஓடும் நிகழ்தகவு என்றால்,

h(t) = f(t) / R(t)

வெய்புல் பரவலில் இது இவ்வாறு அமைகிறது:

R(t) = exp[−(t/η)^β]

h(t) = (β/η) (t/η)^(β−1)

இங்கே β வடிவ அளவுரு, η காலத்தின் அளவை நிர்ணயிக்கும் அளவுரு. t = η என்று வைத்தால் R = e^(−1) ஆகும்; அதாவது β எதுவாக இருந்தாலும் η மணிக்குள் 63.2 விழுக்காடு பழுதாகியிருக்கும். எனவே η-வைச் சராசரி ஆயுள் என்று அறிக்கையில் எழுதுவது பிழை.

β ஒன்றுக்குக் குறைவானால் இடர்வீதம் வயது ஏற ஏற இறங்கும். தவறாகப் பொருத்தியதாலோ தயாரிப்புக் குறையாலோ தொடக்கத்திலேயே விழுபவை இப்படி இருக்கும். ஒன்றுக்குச் சமமானால் வயதுக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை, அதுவே அடுக்குக்குறிப் பரவல். ஒன்றைவிடக் கூடினால் தேய்மானம். இந்த மூன்று நிலைகளையும் ஒரே சூத்திரம் தாங்குவதால்தான், எந்த நிலை என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் பதிவையே சொல்ல வைக்க முடிகிறது.

இங்கே மாணவர்கள் தொடர்ந்து செய்யும் தவறு, இடர்வீதத்தை நிகழ்தகவு என்று கொள்வது. அதற்கு ‘ஒரு மணிக்கு’ என்ற அலகு உண்டு. மணிக்கு 0.00041 என்பதை 8,760 மணி கொண்ட இடைவிடாத ஓராண்டு ஓட்டத்துக்கு மாற்றினால் ஆண்டுக்கு 3.6 என்று வரும். ஒன்றைத் தாண்டிய எண்ணைப் பார்த்ததும் கணக்குத் தவறிவிட்டது என்று அழிப்பவர்கள் உண்டு. கணக்குச் சரி, அது நிகழ்தகவு அல்ல என்பதே விளக்கம்.

## 3. முற்றுப்பெறாத பதிவுகளைத் தனியே குறியுங்கள்

நமது பத்துப் பேரிங்குகளில் ஆறு பழுதாயின. மற்ற நான்கில் ஒன்று 1,900 மணியில் பினியன் தண்டு வளைந்ததால் தண்டோடு சேர்த்துக் கழற்றப்பட்டது. ஒன்று 2,900 மணியில் அந்த டிரம்மே நிறுத்தப்பட்டதால் ஓட்டம் முடிந்தது. இரண்டு 4,000 மணியில் நாம் பதிவை முடிக்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தன. இந்த நான்கின் ஆயுள் நமக்குத் தெரியாது. இவ்வளவுக்கு மேல் என்று மட்டும் தெரியும். இவற்றை முற்றுப்பெறாத பதிவுகள் என்போம்.

இவற்றைத் தூக்கி எறிவதுதான் இந்தப் பாடத்தில் நான் மிகுதியாகக் காணும் பிழை. பழுதானவை மட்டுமே ‘தகவல்’ என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் நான்காயிரம் மணி பழுதில்லாமல் ஓடிய பேரிங், அந்த உறுப்பின் ஆயுளைப் பற்றி மிகவும் வலுவான செய்தியைத் தருகிறது. அதை நீக்கினால் நீண்ட ஆயுள் கொண்டவை எல்லாம் கணக்கிலிருந்து வெளியேறிவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு பதிவை முற்றுப்பெறாதது என்று குறிக்க வேண்டுமானால், அது கணக்கை விட்டு விலகிய காரணத்துக்கும் பேரிங்கின் உடல்நிலைக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. தண்டு வளைந்ததும் டிரம் நிறுத்தப்பட்டதும் அப்படிப்பட்டவை. (தண்டை வளைத்ததே அந்தப் பேரிங்தானா என்பதையும் ஃபிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.) இரைச்சல் கூடியதால் கழற்றியது அப்படியல்ல, அது விழப்போகும் நிலையில் இருந்ததாலேயே விலக்கப்பட்டது. அதை முற்றுப்பெறாதது என்று குறித்தால், பழுதின் விளிம்பில் இருந்த உறுப்பை நலமாக இருந்ததாகக் கணக்கு ஏற்றுக்கொள்ளும், இடர்வீதம் உண்மையைவிடத் தாழ்ந்து வரும். முதல் படியில் மாற்றியதற்கான காரணத்தைக் கேட்கச் சொன்னது இதற்காகவே.

## 4. பழுது வகைகளைக் கலக்காதீர்கள்

கிரீஸ் வற்றியதால் எரிந்த பேரிங்கும், அடைப்பு வளையம் கிழிந்து நீர் புகுந்து துருப்பிடித்த பேரிங்கும், உருளும் பரப்பு களைத்துப் பொரிந்துபோன பேரிங்கும் ஒரே பெயருடைய பொருளாக இருந்தாலும் ஒரே பழுது அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி β உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால், இறங்கும் இடர்வீதமும் ஏறும் இடர்வீதமும் சேர்ந்து β ஒன்றை ஒட்டி வந்துவிடலாம். உடனே ‘பழுதுகள் தற்செயலானவை’ என்று முடிவு எழுதப்பட்டுவிடும்.

ஒரு வகையை ஆராயும்போது மற்ற வகையால் விழுந்தவற்றை முற்றுப்பெறாத பதிவுகளாகக் கொள்ளலாம். அந்த வகைகள் ஒன்றையொன்று தூண்டாதவை என்றால் மட்டும். நமது பயிற்சிப் பதிவில் ஆறுமே நீர் புகுந்து தேய்ந்தவை என்றும், தேய்மானம் பெரும்பாலும் சுழற்சியின்போதே நடப்பதால் ஓடிய மணியே கடிகாரம் என்றும் எடுத்துக்கொள்கிறோம்.

## 5. திரள் இடரைக் கையால் கணக்கிடுங்கள்

மென்பொருளுக்கு முன் ஒருமுறை கையால் செய்யச் சொல்கிறேன். முற்றுப்பெறாத பதிவு எப்படி வேலை செய்கிறது என்பது இதில்தான் கண்ணில் படும். தொடக்கத்திலிருந்து t வரை இடர்வீதத்தைத் தொகைப்படுத்தினால் கிடைப்பது திரள் இடர் H(t). வெய்புல் பரவலில் H(t) = (t/η)^β.

எல்லாப் பதிவுகளையும், முற்றுப்பெறாதவை உட்பட, ஏறுவரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் இன்னும் கணக்கில் உள்ளவை எத்தனை என்று எழுதுங்கள்: 10, 9, 8 என்று அது இறங்கும். பழுதான வரியில் மட்டும் ஒன்றை அந்த எண்ணால் வகுத்து, முந்தைய தொகையோடு கூட்டுங்கள்.

| மணி | நிலை | கணக்கில் உள்ளவை | சேர்வது | H(t) |
|---|---|---|---|---|
| 1,100 | பழுது | 10 | 0.100 | 0.100 |
| 1,600 | பழுது | 9 | 0.111 | 0.211 |
| 1,900 | முற்றுப்பெறாதது | 8 | – | – |
| 2,300 | பழுது | 7 | 0.143 | 0.354 |
| 2,700 | பழுது | 6 | 0.167 | 0.521 |
| 2,900 | முற்றுப்பெறாதது | 5 | – | – |
| 3,300 | பழுது | 4 | 0.250 | 0.771 |
| 3,800 | பழுது | 3 | 0.333 | 1.104 |
| 4,000 | முற்றுப்பெறாதது | 2 | – | – |
| 4,000 | முற்றுப்பெறாதது | 1 | – | – |

கடைசி இரண்டு வரிகள் எதையும் கூட்டவில்லையே, அவை எதற்கு என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஒருவராவது கேட்பார். 3,800 மணி வரியைப் பாருங்கள். அங்கே வகுக்கும் எண் 3 என்று இருப்பதற்கு அந்த இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதே காரணம். அவற்றை நீக்கினால் அது 1 ஆகி, சேரும் இடர் 0.333-இலிருந்து 1.000 ஆகத் தாவும். முற்றுப்பெறாத பதிவு தன் வரியில் பேசாமல், தனக்கு மேலே உள்ள ஒவ்வொரு பழுதின் வகுக்கும் எண்ணிலும் இருந்து பேசுகிறது.

## 6. மடக்கை எடுத்து நேர்கோடு பொருத்துங்கள்

H(t) = (t/η)^β என்பதற்கு இருபுறமும் மடக்கை எடுத்தால்

ln H = β ln t − β ln η

என்ற நேர்கோடு வருகிறது. கிடையச்சில் ln t, நெட்டச்சில் ln H வைத்து ஆறு புள்ளிகளையும் குறித்தால், சாய்வு β. நமது புள்ளிகளுக்கு மீச்சிறு வர்க்கக் கோடு பொருத்தினால் β ≈ 1.88 என்றும், கோடு ln H = 0 என்ற மட்டத்தை வெட்டும் இடத்திலிருந்து η ≈ 3,760 மணி என்றும் கிடைக்கின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க, நான்கு முற்றுப்பெறாத பதிவுகளையும் எறிந்துவிட்டு அதே கணக்கைச் செய்யுங்கள்: β ≈ 2.06, η ≈ 2,680. வடிவம் அதிகம் மாறாததால் வரைபடம் அழகாகவே இருக்கும், எச்சரிக்கை எதுவும் தராது. ஆயுள் மட்டும் ஆயிரம் மணிக்கு மேல் குறைந்துபோயிருக்கும்.

கோடு பொருத்துமுன் புள்ளிகளைக் கண்ணால் பாருங்கள். நடுவில் முறிந்து இரு வேறு சாய்வுகளாகத் தெரிந்தால் பழுது வகைகள் கலந்திருக்கின்றன; நான்காம் படிக்குத் திரும்புங்கள். ஒரே சீராக வளைந்தால், பெரும்பாலும் கடிகாரத்தின் சுழியம் தவறான இடத்தில் இருக்கிறது. முதல் படிக்குத் திரும்புங்கள். வளைவைச் சரிசெய்ய மூன்றாவதாக ஓர் இடப்பெயர்ச்சி அளவுருவைச் சேர்ப்பது எளிதான வழியாகத் தோன்றும். ‘இத்தனை மணிக்கு முன் பழுதே நேராது’ என்பதற்கு இயற்பியல் காரணம் காட்ட முடியாதபோது அதைச் செய்யாதீர்கள்.

## 7. மென்பொருளில் சரிபாருங்கள், அளவுருவின் பெயரைக் கவனியுங்கள்

மீப்பெரு நிகழ்தகவு முறையில் R மொழியில் இவ்வாறு செய்யலாம்:

```r
library(survival)
t <- c(1100,1600,1900,2300,2700,2900,3300,3800,4000,4000)
d <- c(1,1,0,1,1,0,1,1,0,0)
fit <- survreg(Surv(t, d) ~ 1, dist = "weibull")
1 / fit$scale
exp(coef(fit))
```

`d` என்பதில் 1 பழுது, 0 முற்றுப்பெறாதது. இதை மாற்றிப் போட்டாலும் நிரல் முணுமுணுக்காமல் ஒரு விடை தந்துவிடும் என்பதால் பழுதுகளின் எண்ணிக்கையை `sum(d)` கொண்டு சரிபாருங்கள். இங்கே 6 வர வேண்டும்.

`fit$scale` என்று இந்த நிரல் தருவது η அல்ல, 1/β. இங்கே அது 0.39 அளவில் வரும். அதையே வடிவ அளவுரு என்று எழுதி, ‘β ஒன்றுக்குக் குறைவு, ஆகவே இடர்வீதம் இறங்குகிறது’ என்று தேயும் பேரிங்குக்கு முடிவு சொன்ன அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பைதானில் `scipy.stats.weibull_min` பயன்படுத்துவோருக்கு நிலைமை வேறு: அங்கே `c` என்பது β, `scale` என்பது η, ஆனால் `floc=0` கொடுக்காவிட்டால் இடப்பெயர்ச்சி அளவுருவையும் அதுவே பொருத்திவிடும்.

இந்த நிரல் தரும் விடை β ≈ 2.5, η ≈ 3,670. கையால் வந்த 1.88-ஓடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று பதற வேண்டாம். கோடு பொருத்தும் முறையில் இடக்கோடியில் தனித்து நிற்கும் 1,100 மணிப் புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது; மீப்பெரு நிகழ்தகவு முறையோ, சிறிய பதிவுகளில் β-வை மேல்நோக்கிச் சாய்த்துச் சொல்லும் இயல்புடையது. ஆறே பழுதுகளிலிருந்து β-வை இதைவிட உறுதியாக அறிய முடியாது. 90 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து நான்குக்கு மேல் வரை விரியும். ஆகவே அறிக்கையில் 2.5437 என்று எழுதுவது துல்லியம் அல்ல. ஒரு தசம இலக்கம் போதும், நம்பிக்கை இடைவெளி கட்டாயம் வேண்டும்.

## 8. முடிவை இடர்வீதத்தின் மொழியில் எழுதுங்கள்

பராமரிப்பு மேற்பார்வையாளருக்கு β என்ற எண் தேவையில்லை. புதிய பேரிங்கையும் மூவாயிரம் மணி ஓடிய பேரிங்கையும் அடுத்த ஆயிரம் மணிக்கு எவ்வளவு நம்பலாம் என்பதே அவர் கேள்வி. அதற்கு H-இன் வேறுபாடு போதும்: a மணி தாண்டிய உறுப்பு b மணிக்குள் பழுதாகும் நிகழ்தகவு

1 − exp[−(H(b) − H(a))]

கையால் பெற்ற β = 1.88, η = 3,760 என்பவற்றைக் கொண்டு பார்ப்போம். இடர்வீதம் 1,000 மணியில் 0.00016, 3,000 மணியில் 0.00041, அதாவது வயது மும்மடங்காகும்போது இடர்வீதம் 2.6 மடங்காகிறது. புதிய பேரிங் முதல் ஆயிரம் மணிக்குள் பழுதாகும் வாய்ப்பு H(1000) = 0.083 என்பதிலிருந்து சுமார் 8 விழுக்காடு. மூவாயிரம் மணி கடந்த பேரிங்குக்கு H(4000) − H(3000) = 1.123 − 0.654 = 0.469, வாய்ப்பு சுமார் 37 விழுக்காடு.

மாறா இடர்வீதம் என்று வைத்து, மொத்தம் ஓடிய 27,600 மணியை 6 பழுதுகளால் வகுத்து 4,600 மணி என்று சராசரி எடுத்திருந்தால், இரண்டு பேரிங்குகளுக்கும் ஒரே விடை, 20 விழுக்காடு, வந்திருக்கும். புதியதை அது அநியாயமாக ஐயப்படுகிறது, பழையதை ஆபத்தான அளவுக்கு நம்புகிறது.

பத்து விழுக்காடு பழுதாகும் காலத்தையும் கேட்பார்கள்: η(−ln 0.9)^(1/β), இங்கே ஏறத்தாழ 1,140 மணி. இதைப் பேரிங் தயாரிப்பாளரின் பட்டியலில் உள்ள L10 ஆயுளோடு ஒப்பிட்டு, பொருள் போலி என்று முடிவுகட்டக்கூடாது. பட்டியல் எண் உருளும் பரப்பின் களைப்பை வைத்து, சுத்தமான மசகும் சரியான பொருத்தமும் இருப்பதாகக் கொண்டு கணக்கிடப்படுவது. நமது பேரிங்குகள் நீர் புகுந்து விழுந்தவை. அது வேறு பழுது வகை. பெரிய வேறுபாடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அடைப்பு வளையத்தையும் டிரம் வடிகாலிலிருந்து நீர் தெறிக்கும் திசையையும்தான்.

## 9. முன்கூட்டியே மாற்றலாமா என்று கேட்பதற்குமுன்

β ஒன்றைவிடக் கூடுதல் என்றதும் ‘குறித்த மணியில் எல்லாவற்றையும் மாற்றுக’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஏறும் இடர்வீதம் அதற்கு வேண்டிய ஒரு நிபந்தனை மட்டுமே. பதனிடும் ஓட்டத்தின் நடுவில் டிரம் நின்று, உள்ளே இருக்கும் தோல் கெடும் செலவு, வார விடுமுறையில் திட்டமிட்டு மாற்றும் செலவைவிடப் போதுமான மடங்கு பெரிதாக இருந்தால்தான் முன்கூட்டிய மாற்றம் பயன் தரும். β ஒன்றாகவோ குறைவாகவோ இருந்தால் எந்தச் செலவு விகிதத்திலும் அது பயன் தராது. குறைவாக இருக்கும்போது நன்கு பழகிய உறுப்பைக் கழற்றிவிட்டு அதிக இடருள்ள புதியதைப் பொருத்துவதாகவே அது முடியும்.

பரிந்துரை எழுதுமுன் இரு அளவுருத் தொகுதிகளையும் வைத்து மீண்டும் கணக்கிடுங்கள். மென்பொருள் தந்த 2.5, 3,670 என்பவற்றைக் கொண்டால் முன்னே வந்த 8 விழுக்காடு சுமார் 4 ஆகிறது, 37 சுமார் 47 ஆகிறது. எண்கள் மாறினாலும் மூவாயிரம் மணி தாண்டியவை புதியவற்றைவிடப் பல மடங்கு இடருள்ளவை என்ற முடிவு இரண்டிலும் நிற்கிறது. அதை உறுதியாக எழுதலாம். சரியாக எத்தனையாவது மணியில் மாற்ற வேண்டும் என்பது இரண்டிலும் வேறுபடும். அதை ஒற்றை எண்ணாகத் தராமல் வீச்சாகத் தாருங்கள். 6,000 மணியில் இடர்வீதம் என்ன என்று யாராவது கேட்டால், சூத்திரம் விடை தரத்தான் செய்யும். ஆனால் நமது பதிவில் எந்தப் பேரிங்கும் 4,000 மணிக்கு அப்பால் கவனிக்கப்படவில்லை என்பதால், அந்த விடையை அறிக்கையில் சேர்க்காதீர்கள்.